கொஞ்ச ‘ண்ண’, குத்த ‘ட்ட’: பாட்டு வரியில் மென்மையும் கோபமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதல் பாட்டுக்கு மெல்லினம், கோபப் பாட்டுக்கு வல்லினம்னு சொல்றாங்களே, இது நிஜமாவே வேலை செய்யுமா, இல்ல சும்மா சொல்றதா?

வேலை செய்யும், ஆனால் எழுத்தை எண்ணிப் பார்த்து எழுதினால் செய்யாது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

எண்ணம் என்னவோ பழையது. தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்லும்போது வல்லெழுத்து மிகுந்து வருவதை வல்லிசை வண்ணம் என்றும், மெல்லெழுத்து மிகுந்து வருவதை மெல்லிசை வண்ணம் என்றும், இடையெழுத்து மிகுந்து வருவதை இயைபு வண்ணம் என்றும் பெயர் வைத்துப் பிரிக்கிறது. கவனியுங்கள், அந்த நூற்பாக்களில் “இதைக் காதலுக்கு வை, அதைக் கோபத்துக்கு வை” என்று எதுவும் இல்லை, ஓசை எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் இருக்கிறது. உணர்ச்சியோடு முடிச்சுப் போட்டது பாட்டு எழுதுகிறவர்களின் காதும் பழக்கமும். அதனால் இதை விதி மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம். வரியின் பொருள் ஏற்கெனவே போகிற திசையில் ஓசை அதைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். பொருளே இல்லாத இடத்தில் ஓசை மட்டும் போய்க் கோபத்தை உண்டாக்காது.

என் வரியில வல்லின எழுத்து நிறைய இருக்கு, ஆனா பாடிப் பார்த்தா கோபமே வரல, கொஞ்சுற மாதிரி இருக்கு. ஏன்?

ஏனென்றால் தமிழில் க, ச, ட, த, ப, ற ஆறும் எழுத்தில்தான் எப்போதும் வல்லினம். வாயில் அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடும். ‘பக்கம்’ சொல்லும்போது வருகிற க வேறு, ‘பங்கு’ சொல்லும்போது வருகிற க வேறு, ‘பகல்’ சொல்லும்போது வருகிற க இன்னும் வேறு. முதலாவதில் மூச்சு முழுதாக அடைபடுகிறது. இரண்டாவதில் முன்னால் இருக்கும் ங் அதைக் குழைத்துவிடுகிறது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் உயிர் இருப்பதால் அது ஏறக்குறைய காற்றாகவே போய்விடுகிறது.

இந்த வரியைப் பாருங்கள்:

*விடியாத இரவு இது, விலகாத நினைவு இது*

வல்லின எழுத்து ஆறு இருக்கிறது: டி, த, து, கா, த, து. ஆனால் ஆறுமே இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவை, ஒன்றுகூட அடிக்காது. தாலாட்டு மெட்டில் வைத்தாலும் உட்காரும். இப்போது ‘எட்டி உதைத்தாய்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டே சொல், வல்லின எழுத்து மேலே உள்ளதைவிட ஒன்று குறைவு, ஆனால் அறைகிறது. அறைவது எதுவென்றால் ட்ட, த்த என்ற இரண்டு இரட்டிப்புகள்.

ஆகவே எண்ண வேண்டியது க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற என்ற ஆறு இரட்டிப்புகளை. நான் இவற்றை ‘அடைப்பு’ என்று சொல்வேன், மூச்சு அடைபடுவதால். தனி ற பற்றி ஒரு வார்த்தை: இன்றைக்குப் பலர் வாயில் அது ர போலவே வருகிறது, ஆக ‘மறந்தாய்’ என்று எழுதிவிட்டு ற-வை நம்பிக் கோபத்தை எதிர்பார்க்காதீர்கள். ‘ஏமாற்றினாய்’ என்றால்தான் ற தன் வேலையைச் செய்யும். தனி ச-வும் பல வாய்களில் சீறலாகத்தான் வரும், ச்ச வந்தால்தான் அடி.

காதால கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பழகல. வேற ஏதாவது சோதனை இருக்கா?

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘கண்ணு’ என்று மெதுவாக இழுத்துச் சொல்லுங்கள். தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ‘கட்டு’. ட்ட வரும் இடத்தில் அதிர்வு சட்டென்று நின்று, ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, மறுபடி உ-வில் தொடங்கும். அந்த ஒரு கண வெறுமைதான் காதுக்கு அடியாகப் படுகிறது. கோபமான வரி என்பது, ஓசை அளவில், நடுநடுவே இப்படி அறுபடும் வரி. கொஞ்சும் வரியில் அதிர்வு அறுபடாமல் தொடரும்.

சந்தத்துக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தத்த, தந்த, தன்ன, தய்ய என்று நான்காகப் பிரித்து வைத்திருப்பதே இதற்காகத்தான். நான்குக்கும் மாத்திரை ஒன்றே, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் தாளம் கெடாது. ஆனால் ஓசை மாறும். கட்டு, கண்டு, கண்ணு, கள்ளு என்று விரலைத் தொண்டையில் வைத்தபடியே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், முதலாவதில் மட்டும்தான் அறுபடும். இரண்டாவதில் ட இருந்தும் அறுபடாது, ண் அதைத் தாங்கிக்கொள்கிறது. இந்தத் ‘தந்த’ வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது: நெஞ்சு, அன்பு, கொஞ்சு, நம்பி, நின்று எல்லாம் அதில்தான் இருக்கின்றன, கொஞ்சம் எலும்பும் இருக்கும், உறுத்தவும் உறுத்தாது.

மெட்டு ஒண்ணு, உணர்ச்சி ரெண்டு. அப்படி ஒரு வரி எழுதிக் காட்ட முடியுமா?

சரி, ‘தன்ன தன்னனா தன்ன தானனா’ என்ற எளிய மெட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து அசை, ஒரு சின்ன மூச்சு, மறுபடி ஐந்து அசை. (அசை என்று இங்கே நான் சொல்வது வாயில் பிரியும் துண்டை, யாப்பில் வரும் நேர் நிரை அல்ல.) முதலில் மென்மை:

*உன்னை எண்ணி நான் மெல்ல மூழ்கினேன்*
*என்னை நீங்கி நான் உன்னில் வாழ்கிறேன்*

இரண்டு வரியிலும் சேர்த்து வல்லின எழுத்து நான்கு, அடைப்பு ஒன்றுகூடக் கிடையாது. மூழ்கினேன், வாழ்கிறேன் இரண்டிலும் க வந்தாலும் ழ்-க்குப் பின்னால் வருவதால் வழுக்கிக்கொண்டு போகிறது. நீங்கி-யில் ங் பார்த்துக்கொள்கிறது.

இப்போது அதே மெட்டில் கோபம், முதல் முயற்சி:

*கட்டி வைத்ததை வெட்டிப் போட்டவா*
*தட்டிக் கேட்டதும் எட்டிப் போவதா*

அசை எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. வரிக்கு ஐந்து அடைப்பு. ‘தன்ன’ இருந்த இடமெல்லாம் ‘தத்த’ ஆகிவிட்டது. தாளில் பார்க்கும்போது பயங்கரமாக இருக்கும். ஆனால் மெட்டில் வைத்து நாலு தரம் பாடுங்கள், என்ன நடக்கிறது என்று தெரியும்: கோபம் போய் விளையாட்டு வந்துவிடும். ட்ட ட்ட என்று ஒரே இடைவெளியில் விழுந்தால் காது அதைத் தாளமாக எடுத்துக்கொள்கிறது, ஆளுக்கு ஆள் கைதட்ட ஆரம்பிப்பார்கள். வேகத்தைக் கூட்டினால் நாப்பயிற்சி வரியாகவே ஆகிவிடும். கோப வரி எழுதும்போது அதிகம் பார்க்கிற பிழை இதுதான். அடைப்பு குறைவதால் கெடும் வரியைவிட, அடைப்பு ஒரே சீராக விழுவதால் கெடும் வரியே அதிகம்.

அதனால் முதல் வரியைத் தூக்கிவிட்டு இப்படி வைத்தேன்:

*நம்பி நின்ற என் நெஞ்சில் குத்தினாய்*
*தட்டிக் கேட்டதும் எட்டிப் போகிறாய்*

முதல் வரியில் ஏழு அசை வரைக்கும் மூக்கொலிதான் ஆட்சி: ம்பி, ன்ற, என், ஞ்சி. கேட்பவர் இன்னும் முந்தைய சரணத்தின் மென்மையிலேயே இருக்கிறார். எட்டாவது அசையில் ‘குத்’ என்று முதல் அடைப்பு. வரி முழுக்க ஒன்றே ஒன்று, ஆனால் முதல் முயற்சியில் இருந்த ஐந்தையும்விட இது ஆழமாக இறங்குகிறது, ஏனென்றால் பொருளிலும் குத்து அங்கேதான் விழுகிறது. அதற்கு அப்புறம் இரண்டாவது வரியில் அடைப்புகளைத் தாராளமாகக் கொட்டலாம், கதவு திறந்தாயிற்று.

இதில் நான் இழந்தது எதுகை. கட்டி–தட்டி போய் நம்பி–தட்டி ஆகிவிட்டது. நின்ற–நெஞ்சில் மோனை இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன். எதுகை இல்லாமல் தூக்கம் வராதவர்கள் இரண்டாவது வரியை வேறு மாதிரி யோசிக்கலாம். ஆனால் எதுகைக்காக முதல் வரியில் மறுபடி ட்ட-வைக் கொண்டுவந்தால் போட்டதெல்லாம் வீண்.

வினைச்சொல் எதை வெச்சாலும் ‘த்த’ வந்து நிக்குது. பார்த்தேன், படித்தேன், நினைத்தேன்... மென்மையான வரியில இதை என்ன பண்றது?

இந்தத் தொல்லைக்குள்ளேயே ஒரு புதையல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் ஏராளமான வினைகள் இரட்டையாக வரும். உடைந்தேன் – உடைத்தாய். பிரிந்தோம் – பிரித்தாய். கலங்கினேன் – கலக்கினாய். அடங்கினேன் – அடக்கினாய். திரும்பினேன் – திருப்பினாய். முடிந்தது – முடித்தாய். தனக்குத்தானே நடப்பது, அதாவது தன்வினை, மெல்லினத்தோடு வருகிறது: ந்த, ங்கி, ம்பி. இன்னொருவருக்குச் செய்வது, பிறவினை, அதே இடத்தில் அடைப்போடு வருகிறது: த்த, க்கி, ப்பி. மொழியே நமக்காகப் பிரித்து வைத்திருக்கிறது.

இதைப் பாட்டுக்குக் கொண்டுவந்தால், மென்மையான வரி ‘எனக்கு என்ன ஆயிற்று’ என்று பேச வேண்டும், கோபமான வரி ‘நீ என்ன செய்தாய்’ என்று பேச வேண்டும். ‘நான் உடைந்தேன்’ என்றால் அழுகை. ‘நீ உடைத்தாய்’ என்றால் குற்றச்சாட்டு. கடைசியில் வரும் ஏன், ஆய் முடிவுகளை விட்டுவிட்டால், எழுத்தில் ஒரே ஒரு புள்ளி எழுத்துத்தான் மாறியிருக்கிறது, ந் போய் த் வந்திருக்கிறது. பல்லவியில் தன்வினையை வைத்து, கடைசிச் சரணத்தில் அதே வினையின் பிறவினையை அதே மெட்டிடத்தில் வைத்துப் பாருங்கள். ‘கலங்கினேன்’ பாடிய இடத்தில் ‘கலக்கினாய்’ வந்தால் கேட்பவருக்கு ஏன் என்று தெரியாமலே முதுகு நிமிரும்.

ஆக ‘நினைத்தேன்’ உறுத்தினால் எழுதுகிறவர் செய்ய வேண்டியது, நினைப்பவரை விட்டுவிட்டு நினைவைப் பேசவைப்பது. ‘நினைவு வந்தது’, ‘எண்ணம் ஆனாய்’ என்று போகலாம். இல்லையென்றால் வேறு வினை: பார்த்தேன் போய்க் கண்டேன், நினைத்தேன் போய் எண்ணினேன். எதிர்காலத்தில் வ் எடுக்கும் வினைகளும் கைகொடுக்கும், வருவேன், தொடர்வேன், வாழ்வேன் எல்லாம் வழுக்கும். பார்ப்பேன், கேட்பேன் மாதிரி ப் எடுப்பவை கொஞ்சம் முரடு.

ஓர் எச்சரிக்கை. எல்லா வினைக்கும் இந்த இரட்டை கிடையாது, ‘வா’, ‘போ’ எல்லாம் இப்படிப் பிரியாது. அப்புறம், மெல்லினம் வேண்டும் என்பதற்காக யாரும் பேசாத சொல்லைத் தேடிப்போய் வைத்தால் ஓசை குழையும், ஆள் காணாமல் போய்விடுவார். ‘கேட்டேன்’ என்று வாயில் வரும் இடத்தில் ‘வினவினேன்’ என்று வைத்தால் காதலி சிரிப்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ட்ட இருக்கட்டும், பரவாயில்லை.

எழுதினப்ப மென்மையா இருந்தது, பிழை திருத்தினப்ப ‘உன்னைத் தேடி’ன்னு ஒற்று போட்டாங்க, ஓசையே மாறிடுச்சு. ஒற்றை விட்டுடலாமா?

எழுத்தில் விடாதீர்கள், சொல்லை மாற்றுங்கள். இரண்டாம் வேற்றுமை ஐ-க்கும் நான்காம் வேற்றுமை கு-வுக்கும் பின்னால் க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் வந்தால் வல்லினம் மிகும், அது அடைப்பை இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. உன்னைத் தேடி, கண்ணைப் பார்த்து, உனக்குத் தெரியும். இந்த நான்கில் தொடங்காத சொல்லைப் போட்டால் சிக்கலே இல்லை: உன்னை நாடி, உன்னை எண்ணி, கண்ணை மூடி. ஐ-யையே விட்டுவிட்டு ‘முகம் பார்த்து’, ‘வழி தேடி’ என்று எழுதுவதும் உண்டு.

பாடகர்கள் பலர் மென்மையான பாட்டில் இந்த ஒற்றைத் தாங்களாகவே விழுங்கிவிடுவார்கள், அதை நான் தடுப்பதில்லை. ஆனால் கோபப் பாட்டில் விழுங்கினால் தடுப்பேன். ‘வெட்டிப் போட்டாய்’ என்று எழுதிக் கொடுத்தால் ‘வெட்டி போட்டாய்’ என்று ஒழுகவிடுவார்கள், பாதி அடி அங்கேயே கழன்றுவிடும். ஒலிப்பதிவுக்குக் கொடுக்கும் தாளில் அந்த ஒற்றை வட்டம் போட்டுக் கொடுப்பது என் வழக்கம்.

மெதுவான, இழுத்துப் பாடும் மெட்டில் வல்லினம் வந்தால் என்ன ஆகும்?

சொல்லே மாறிப்போகும். இது எனக்கே நடந்தது. ஒரு சோகமான மெட்டில் ‘என்னை விட்டு’ என்று எழுதிக் கொடுத்தேன், இசையமைப்பவர் ‘வி’ மேல் ஒரு நீண்ட சங்கதி போட்டிருந்தார். பாடிக் கேட்டபோது ‘என்னை வீட்டு’ என்று காதில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது.

காரணம் எளியது. ட் என்ற அடைப்பை நீட்ட முடியாது, நீட்டினால் அமைதிதான் நீளும். எனவே பாடகர் வேறு வழியில்லாமல் முன்னால் இருக்கும் குறிலை நீட்டுவார், குறில் நெடிலாகும், விட்டு வீட்டு ஆகும், கட்டி காட்டி ஆகும், பட்டு பாட்டு ஆகும். மெல்லினம் என்றால் அந்த மெய்யையே நீட்டலாம், ‘எண்ண்ண்ணி’ என்று பாடினாலும் அது எண்ணிதான், ஏணி ஆகாது. நன்னூலில் ஒற்றளபெடை சொல்லும் இடத்தைப் பார்த்தால் இது அப்படியே இருக்கிறது: ங ஞ ண ந ம ன வ ய ல ள, கூடவே ஆய்தம், இந்தப் பதினொன்றுதான் அளபெடுக்கும். வல்லினம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. இடையினத்திலும் ர, ழ இல்லை. பாடுகிறவரின் வாய்க்கு எது நீளும், எது நீளாது என்று அப்போதே பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது.

அந்த ‘விட்டு’வை நான் ‘நீங்கி’ ஆக்கினேன். நெடில் ஏற்கெனவே இருக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் பொருள் கெடாது, போதாதென்று ங்-கிலும் கொஞ்சம் நிற்கலாம்.

மெட்டு முதலில் வந்துவிட்டதென்றால் நீளும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே நெடிலையோ மெல்லின, ல, ள ஒற்றையோ மட்டும் வையுங்கள். அடைப்புகளை வேகமாக ஓடும் இடத்தில் தள்ளிவிடுங்கள்.

வரி தொடங்குறதுக்கே க, ச, த, ப-தான் வருது. ல, ழ-ல தொடங்குற சொல்லே கிடைக்க மாட்டேங்குதே?

கிடைக்காது. ர, ல, ழ, ள, ண, ன தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, வருகிற ராசா, ரோசா, லாலி எல்லாம் வந்து சேர்ந்தவை, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மற்றபடி மென்மையாகத் தொடங்க உங்களுக்குப் பெரும்பாலும் இருப்பது உயிரெழுத்துகள், ந, ம, வ. அது போதுமானதுக்கு மேலேயே. சொல் முதலில் நிற்கும் க, த, ப ஓரளவு கடினம்தான், இரட்டிப்பு அளவுக்கு இல்லை. ‘கண்ணே’ என்று எத்தனை பேர் கொஞ்சியிருக்கிறார்கள், யாருக்காவது அந்தக் க உறுத்தியதா? அடுத்த அசையிலேயே ண்ண வந்து அதை மறக்கடித்துவிடுகிறது.

குட்டி, பட்டு, முத்தம், தொட்டில்... கொஞ்சுற வார்த்தை எல்லாத்திலயும் அடைப்பு இருக்கே. அப்போ உங்க கணக்கு தப்பு தானே?

தாலாட்டு என்ற சொல்லிலேயே ட்ட இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனிச் சொல்லை வைத்து இதை நிரூபிக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. பொருள் எப்போதும் ஓசையை ஜெயிக்கும். குட்டி என்றால் குட்டிதான், அதைக் கேட்டு யாரும் மிரள மாட்டார்கள். பார்க்க வேண்டியது, அந்தச் சொல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை. ‘என் செல்லமே, என் குட்டியே’ என்றால் ல்ல, ம, ன எல்லாம் சூழ்ந்து நிற்க நடுவில் ஒரு ட்ட, கன்னத்தில் செல்லமாகத் தட்டுவது போல. ‘பட்டுக்குட்டி முத்தக்கட்டி’ என்று அடுக்கினால் கோபம் வராது என்பது உண்மை, ஆனால் குழந்தை தூங்கவும் தூங்காது, துள்ளும். அதாவது ஓசை அங்கே வேலை செய்கிறது, அதன் வேலை துள்ளல். அடைப்பு கொடுப்பது அடியை. அந்த அடி கோபமா, கொண்டாட்டமா, குறும்பா என்பதைப் பொருளும் மெட்டும் முடிவு செய்யும்.

ழ நிறைய வெச்சா அழகா இருக்கும்னு ஒரு வரி முழுக்க ழ-வா எழுதினேன். பாடகர் முறைச்சாரு.

முறைப்பார். ழ மென்மையானதுதான், ஆனால் நாவை மடக்கி மடக்கி எடுக்க வேண்டும், ‘மழையில் விழும் நிழல் எழ’ என்று தொடர்ந்தால் மூன்றாவதிலேயே நா நழுவி ள ஆகிவிடும். வரிக்கு இரண்டு ழ, நடுவில் ம-வோ ன-வோ ஓய்வுக்கு. மேலே எழுதிய இரண்டு வரியிலும் மூழ்கினேன், வாழ்கிறேன் என்று வரிக்கு ஒன்றுதான், அதுவும் கடைசிச் சொல்லில்.

மெல்லினத்துலயே கோபத்தைக் காட்ட முடியாதா?

முடியும், அது வேறு வகைக் கோபம். கத்துகிற கோபத்துக்கு அடைப்பு வேண்டும். கத்தி முடித்து, பேச ஒன்றும் இல்லாமல், திரும்பிப் போகிறவருக்கு வேண்டாம். “நீ நல்லா இரு” என்று ஒருவர் மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தால் அதைவிடப் பெரிய சாபம் கிடையாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு வல்லின எழுத்துகூட இல்லை, எண்ணிப் பாருங்கள்.

இதைப் பாட்டில் செய்ய ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் கத்தல் நடந்திருக்க வேண்டும். மேலே உள்ள ‘நம்பி நின்ற’ வரிகளையே எடுத்துக்கொண்டால், ‘தட்டிக் கேட்டதும் எட்டிப் போகிறாய்’ என்று அடைப்புகளாக வந்து முடிந்த உடனே, அதே மெட்டில் இப்படி வைக்கலாம்:

*நன்மை எண்ணினேன், நன்றி சொல்கிறேன்*
*எங்கும் நல்லவை உன்னைச் சூழவே*

இங்கே ‘உன்னைச் சூழவே’யில் ஒரு ச்ச தானாக வந்து விழுந்தது, ஐ-க்குப் பின்னால் ச. முதலில் அதை மாற்றத்தான் பார்த்தேன், ‘உன்னில் நீளவே’ என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம் பாடிக் கேட்டபோது, வாழ்த்துக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில் பல்லைக் கடித்த மாதிரி அது இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன், தாளில் அந்த ச்-சுக்கும் வட்டம் போட்டாயிற்று.